வேலைக்குப் போனவன் கையில் எதற்கு 12,000 ரூபாய் பில்?

[திரையில்: மேசை மேல் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே புரோட்டீன் பவுடர் டப்பா, ஃபேஸ் கிரீம், மூலிகைப் பற்பசை, ஒரு ஃபைல்.]

இந்தப் பெட்டி என் சித்தி மகனுடையது. பி.காம். முடித்துவிட்டுத் திண்டுக்கல்லில் வேலை தேடிக்கொண்டிருந்தான். வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் ஒரு விளம்பரம் வந்தது: மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ், சம்பளம் 18,000 முதல் 25,000 வரை, அனுபவம் தேவையில்லை, தங்குமிடம் இலவசம், இடம் கோயம்புத்தூர். கிளம்பிப் போய்விட்டான். மூன்று மாதம் கழித்து இந்தப் பெட்டியோடு திரும்பி வந்தான்.

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. வேலை என்ற பெயரில் ஆள் சேர்க்கும் இந்தச் செயின் மார்க்கெட்டிங் எப்படி நடந்தது என்பதைத்தான் அந்தப் பெட்டியில் இருந்த காகிதங்களை வைத்தே காட்டப்போகிறேன், ஏனென்றால் இதே மாதிரி இண்டர்வியூவுக்கு இன்றும் யாரோ ஒருவர் பஸ் ஏறிக்கொண்டிருப்பார்.

[திரையில்: பில். வாங்குபவர் பெயர் இருக்கும் இடத்தில் வட்டம்.]

முதல் நாள் இண்டர்வியூ என்று பத்து நிமிடம் பேசினார்கள், உடனே செலக்ட் ஆகிவிட்டான். அடுத்த மூன்று நாள் டிரெய்னிங். நான்காம் நாள்தான் ஜாய்னிங் கிட் பற்றிப் பேச்சு வந்தது, 12,000 ரூபாய். அவன் தயங்கியதும் டிரெய்னர் சொன்னது இது: "தம்பி, இது கட்டணம் கிடையாது, பொருள் வாங்குறீங்க, பணத்துக்குப் பொருள் கையில இருக்கு."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் மொத்த வேடமும் இருக்கிறது. இந்த மாதிரிக் கம்பெனிகள் தங்களைச் சொல்லிக்கொள்வது நேரடி விற்பனை என்று, அதாவது கடை வைக்காமல் ஆட்கள் மூலம் பொருள் விற்பது. அதற்கு மத்திய அரசு 2016-ல் கொண்டுவந்த வழிகாட்டு நெறிமுறைகளே, சேருபவரிடம் நுழைவுக் கட்டணமோ பதிவுக் கட்டணமோ வாங்கக் கூடாது, ஆள் சேர்த்ததற்காகப் பணம் தரக் கூடாது என்று சொல்லிவிட்டன. 2021 டிசம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் ஆளுக்குக் கீழே ஆள் சேர்த்துப் பணம் பார்க்கும் பிரமிடு திட்டத்தை நேரடியாகவே தடை செய்தன. அதனால் கட்டணம் என்ற பெயரில் வாங்க முடியாது. அதையே பொருளாக மாற்றி, பில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்த பில்லை எடுத்துப் பாருங்கள். வாங்குபவர் என்ற இடத்தில் இவன் பெயர் இருக்கிறது. ஃபைலில் ஆஃபர் லெட்டர் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு விண்ணப்பம், அதில் சிறிய எழுத்தில் "சுயாதீன விநியோகஸ்தர்" என்று போட்டிருக்கிறது. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, சம்பளம் என்ற சொல்லே எங்கும் இல்லை. அதாவது கம்பெனியின் கணக்கில் இவன் ஊழியர் கிடையாது, வாடிக்கையாளர். வேலைக்கு என்று போனவன் அங்கே போய் முதல் ஆளாகப் பொருள் வாங்கியிருக்கிறான். கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டு காகிதத்தையும் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

சரி, சம்பளம் எங்கே என்று கேட்டிருக்கிறான். அப்போதுதான் பலகையில் மரம் மாதிரி வரைந்து காட்டினார்கள். உனக்குக் கீழே இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர். இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் கிட் வாங்கினால் ஒரு ஜோடி, ஒரு ஜோடிக்கு 600 ரூபாய்.

[திரையில்: 18,000 ÷ 600 = 30 ஜோடி = 60 பேர்]

விளம்பரத்தில் சொன்ன 18,000 வரவேண்டும் என்றால் மாதம் 30 ஜோடி. அப்படியென்றால் இவனோ இவனுக்குக் கீழே இருப்பவர்களோ மாதம் 60 பேரைச் சேர்க்க வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு பேர், அதுவும் ஒவ்வொரு மாதமும். அந்த 60 பேரும் கட்டுவது 7,20,000 ரூபாய். இவனுக்கு வரும் 18,000 அதிலிருந்துதான் வருகிறது, கடையில் புரோட்டீன் பவுடர் விற்றதிலிருந்து இல்லை.

நன்றாக உழைத்தால் முடியாதா என்று கேட்பவர்களுக்காக இந்த மரத்தையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம். மேலே 1, அடுத்த வரிசையில் 2, அடுத்து 4, அடுத்து 8. மேலே இருக்கும் 1, 2, 4 மூன்றையும் கூட்டினால் 7, கடைசி வரிசை 8. இன்னொரு வரிசை போடுங்கள்: மேலே மொத்தம் 15, கடைசியில் 16. யாரும் சோம்பேறியாக இல்லாமல், எல்லோரும் சரியாக இரண்டு பேரைச் சேர்த்தாலும், எந்த நாளில் நின்று பார்த்தாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கீழே ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். "நீ முயற்சி பண்ணவில்லை" என்று அவர்களைத் திட்டுவது எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது, ஏனென்றால் அந்த இடத்தில் யாராவது நின்றே ஆகவேண்டும் என்று வரைந்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் மாத டார்கெட். சேர்ந்த பிறகு ஐடி ஆக்டிவாக இருக்க மாதம் 100 பாயிண்ட், ஏறக்குறைய 3,000 ரூபாய்க்குப் பொருள். வெளியே விற்றாலும் சரி, நீயே வாங்கினாலும் சரி. 28-ஆம் தேதி வாக்கில் அப்லைனிடமிருந்து, அதாவது மரத்தில் இவனுக்கு மேலே இருப்பவரிடமிருந்து, போன் வரும்: "தம்பி, பாயிண்ட் போடலைன்னா இதுவரைக்கும் சேர்ந்த ஜோடிக் கணக்கு லேப்ஸ் ஆயிடும்." கடன் வாங்கிப் போடுவான். கட்டிலுக்கு அடியில் டப்பா ஏறும். கம்பெனி ஏட்டில் அது விற்பனை.

ஆள் சேர்க்கும் நெருக்கடி டிரெய்னிங்கின் இரண்டாம் நாளே தொடங்கியிருக்கிறது. தெரிந்தவர்கள் 100 பேர் பெயரையும் நம்பரையும் நோட்டில் எழுதச் சொன்னார்கள். எப்படிப் பேச வேண்டும் என்பதற்கும் காகிதம் கொடுத்தார்கள்: போனில் என்ன வேலை என்று சொல்லாதே, ஆபீசில் ஒரு வேகன்சி இருக்கிறது என்று மட்டும் சொல், நேரில் கூட்டிக்கொண்டு வா. வீட்டில் யாராவது சந்தேகப்பட்டால் அவர்கள் நெகட்டிவ் ஆட்கள், அவர்களிடம் பேசாதே. நல்ல வேலை என்றால் அம்மாவிடம் ஏன் மறைக்க வேண்டும்?

மூன்று மாதக் கணக்கு இதுதான். கிட் 12,000, டார்கெட்டுக்கு வாங்கியது 9,000, மொத்தம் 21,000. சேர்த்தது இரண்டு பேர், ஒரு காலேஜ் நண்பன், ஒரு மாமா பையன், அதற்கு 600. வெளியாளுக்கு விற்றது இரண்டே டப்பா, லாபம் 500. வந்தது 1,100.

எல்லா நேரடி விற்பனையும் மோசடி என்று சொல்ல முடியாது, சட்டப்படி நடப்பதும் உண்டு. பிரித்துப் பார்க்க இண்டர்வியூவில் ஒன்று கேளுங்கள்: "நான் ஒருவரையும் சேர்க்காமல், வெளியாட்களுக்கு மட்டும் மாதம் 20 டப்பா விற்றால் எனக்கு எவ்வளவு வரும், அதை எழுதித் தருவீர்களா?" ரூபாயில் நேரான பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். "முதல்ல பிளானை முழுசாப் பாருங்க" என்று பேச்சு திரும்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? ஒப்பந்தத்தில் கூலிங் ஆஃப் காலம் எத்தனை நாள் என்று பாருங்கள், அதற்குள் அபராதம் இல்லாமல் விலகலாம். டப்பாக்களைப் பிரிக்காதீர்கள். திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், பில்லையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அல்லது consumerhelpline.gov.in. பெரிய அளவில் ஏமாற்று என்றால் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு.

போட்ட பணத்தை எடுக்க இன்னும் நான்கு பேரைச் சேர்த்துவிட்டு விலகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆள் சேர்ந்தால் பணம் என்று நடக்கும் திட்டங்களுக்கு எதிரான 1978-ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டம் நடத்துபவர்களோடு நிற்கவில்லை, அதில் சேர்வதையும் பங்கெடுப்பதையும் சேர்த்தே தடை செய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

என் தம்பி ஊருக்கு வந்ததும் முதலில் அந்த நண்பன் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் போனான். நடந்ததை மறைக்காமல் சொன்னான். இப்போது மூன்று பேருடைய பில்களையும் ஒரே ஃபைலில் வைத்துப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.