அக்யூட், குரோனிக் அழற்சி: ஒரே தாளில் சார்ட் போடுவது எப்படி?

கேள்வி: அக்கா, நான் பினாங்குல மெடிசின் ரெண்டாம் வருஷம். பாத்தாலஜி நோட்ஸ வெச்சு அக்யூட், குரோனிக் அழற்சிக்கு ஒரு சார்ட் போட்டேன். டிஎன்எஃப், ஐஎல்-1 எல்லாம் ரெண்டு பக்கமும் வந்து குழப்புது. எப்படிப் பிரிக்கிறது?

பதில்: தம்பி, ரெண்டு பத்தியா கோடு போட்டா அப்படித்தான் ஆகும். மூணு பத்தி போடுங்க. ஃபோட்டோஸ்டேட் கடையில ஒரு ஏ3 தாள் வாங்கி படுக்கை வசத்துல வைங்க. அகலம் 42 சென்டிமீட்டர் இருக்கும். இடது பக்கம் 17, நடுவுல 8, வலது பக்கம் 17. இடது அக்யூட், வலது குரோனிக். நடுவுல மேக்ரோஃபேஜ், அதுக்குக் கீழ அது விடுற டிஎன்எஃப், ஐஎல்-1. இந்த மூணும் ரெண்டு பக்கத்துக்கும் வேலை செய்யுது, அதனால எந்தப் பக்கம் எழுதினாலும் பாதி தப்பு.

அடுத்து, ‘மீடியேட்டர்கள்’னு தலைப்புப் போட்டு பேரை வரிசையா அடுக்காதீங்க. லெக்சர் ஸ்லைட்ல அப்படித்தான் இருக்கும், அதை அப்படியே காப்பி அடிச்சா பேரு ஞாபகம் இருக்கும், வேலை ஞாபகம் இருக்காது. யாரு விட்டாங்க, என்ன விட்டாங்க, அதனால என்ன நடந்துச்சு. இந்த மூணையும் அம்புக்குறியால சேர்த்து ஒரே வரியா எழுதுங்க.

ரெண்டு பக்கத்துக்கும் ஒரே உறுப்பை எடுத்துக்கலாம், நுரையீரல். இடது பக்கம் நியூமோகாக்கஸ் நிமோனியா, வலது பக்கம் காசநோய்.

இடது பக்கம் ஒரு நேர்கோடு. மாஸ்ட் செல் ஹிஸ்டமின் விடுது, ரத்தக்குழாய் விரிஞ்சு கசியுது. நடுப் பத்தியில இருக்கிற டிஎன்எஃப், ஐஎல்-1 குழாய்ச் சுவர்ல செலெக்டினை வரவைக்குது, நியூட்ரோஃபில் அதுல உருளுது. சி5ஏ, எல்டிபி4, ஐஎல்-8 மூணும் அதை வெளிய கூப்பிடுது. முதல் 6 மணியில இருந்து 24 மணி வரைக்கும் நியூட்ரோஃபில்தான் அதிகம், 24லேர்ந்து 48 மணிக்குள்ள மோனோசைட் வந்து மேக்ரோஃபேஜா மாறுது. கிருமி போயிடுச்சுன்னா நியூட்ரோஃபில் தானா செத்துடும், மேக்ரோஃபேஜ் அதைச் சுத்தம் பண்ணும். கோடு அங்க முடியுது.

இங்க ஒரு இடம் கவனிங்க. சி5ஏவுக்கு முன்னாடி எந்த செல் பேரும் எழுதக் கூடாது. அது ரத்த பிளாஸ்மால இருக்கிற காம்ப்ளிமென்ட் புரதத்துல இருந்து வெட்டுப்பட்டு வருது. பிராடிகைனினும் பிளாஸ்மா சரக்குதான். அதனால செல் விடுறதுக்கு நீலப் பேனா, பிளாஸ்மால வர்றதுக்குப் பச்சைப் பேனா. வைவால இதைக் கேட்டா நிறைய பேர் மாஸ்ட் செல்னு சொல்லிடுவாங்க.

வலது பக்கம் கோடு இல்ல, வட்டம். சார்ட்டோட உயிரே இதுதான், பெருசா வரைங்க. காசநோய்க் கிருமி மேக்ரோஃபேஜுக்குள்ளயே சாகாம இருக்கு. மேக்ரோஃபேஜ் ஐஎல்-12 விடுது, டி செல் டிஎச்1 ஆகுது. டிஎச்1 இன்டர்ஃபெரான் காமா விடுது, அது திரும்பவும் மேக்ரோஃபேஜை உசுப்பி விடுது. தூண்டுறது உள்ளயே இருக்கிற வரைக்கும் இந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். உசுப்பப்பட்ட மேக்ரோஃபேஜ் எபிதீலாய்ட் செல்லாகுது, சிலது ஒண்ணு சேர்ந்து லாங்ஹான்ஸ் ஜயன்ட் செல்லாகுது, சுத்தி லிம்ஃபோசைட் வளையம், நடுவுல கேசியேஷன். வட்டத்துக்குக் கீழ அந்த கிரானுலோமாவை ஒரு சின்ன படமா வரைஞ்சுடுங்க. பக்கத்துல டிஜிஎஃப்-பீட்டா, அதுலேர்ந்து ஃபைப்ரோசிஸுக்கு ஒரு அம்பு.

சார்ட் சரியா வந்துச்சான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. ஏதாவது ஒரு பேரை விரலால மறைச்சுட்டு, எது நின்னு போகும்னு கேளுங்க. டிஎன்எஃப்பை மறைங்க. கிரானுலோமா கட்டுக்கோப்பா நிக்காது, உள்ள அடைபட்டிருந்த கிருமி வெளிய வரும். மூட்டுவாதத்துக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கிற இன்ஃப்ளிக்ஸிமாப் மாதிரி மருந்து தொடங்குறதுக்கு முன்னாடி டாக்டர் மறைஞ்சிருக்கிற காசநோய் இருக்கான்னு பரிசோதிக்கிறது இதனாலதான். மறைச்சுப் பார்த்தும் பதில் வரலைன்னா, அந்தப் பேரு அம்பு இல்லாம தனியா நிக்குதுன்னு அர்த்தம்.

கடைசியா, தாளோட அடியில ரெண்டு சென்டிமீட்டர் விட்டு வைங்க, விதிவிலக்குக்கு. ‘அக்யூட்னா நியூட்ரோஃபில், குரோனிக்னா லிம்ஃபோசைட்’னு மட்டும் படிச்சா எம்சிக்யூல மாட்டிப்பீங்க. வைரஸ் தொற்றுல முதல்லயே லிம்ஃபோசைட் வரலாம். அலர்ஜில ஈஸினோஃபில். குரோனிக் ஆஸ்டியோமயலைட்டிஸ்ல மாசக்கணக்கா நியூட்ரோஃபில் இருக்கும், ஏன்னா பாக்டீரியாவும் செத்த எலும்புத் துண்டும் உள்ளயே கிடக்குது. இதை மட்டும் சிவப்புப் பேனால எழுதுங்க.