0.35 பெரிதா, 0.8 பெரிதா?

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். இன்று ஒரே ஒரு கணக்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

0.35, 0.8 இரண்டில் எது பெரிது என்று ஒரு நாள் வகுப்பில் கேட்டேன். ஒரு மாணவி எழுந்து "0.35 சார்" என்றாள். பின் பெஞ்சில் ஒரு பையன் சிரித்தான். "0.8 தான் சார்" என்று அவனே சொன்னான். நானும் "சரி" என்று அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அவள் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

மாலையில் அவளுடைய நோட்டைப் புரட்டினேன். 0.75, 0.5 இரண்டில் பெரியது 0.75. 0.62, 0.3 இரண்டில் பெரியது 0.62. எல்லாம் சரி, எல்லாவற்றுக்கும் நான்தான் டிக் போட்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அவள் முழு எண்ணாகப் படிக்கிறாள். எழுபத்தைந்து ஐந்தைவிடப் பெரிது, முப்பத்தைந்து எட்டைவிடப் பெரிது. 'புள்ளி முப்பத்தைந்து' என்று வாசிக்கக் கற்றுக் கொடுத்ததும் நாம்தானே! நான் கொடுத்த கணக்குகளில் அந்தத் தப்பான விதிக்கும் சரியான விடையே வந்துகொண்டிருந்தது.

மறுநாள் அந்தப் பையனிடம் 0.4, 0.73 என்று கொடுத்தேன். 0.4 பெரிது என்றான். ஏன்? "பத்தில் ஒரு பங்கு பெரிய துண்டு, நூறில் ஒரு பங்கு சின்னத் துண்டு." துண்டின் அளவைச் சரியாகச் சொன்னான், எத்தனை துண்டு என்பதை விட்டுவிட்டான். நேற்று சிரித்தவனும் தப்பான வழியில்தான் சரியான விடைக்கு வந்திருந்தான்.

இரண்டு விடைகளையும் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதினேன். "இது சரியா?" என்று கேட்கவில்லை. "எப்படி யோசித்தால் இந்த விடை வரும்?" என்று கேட்டேன். பேச்சு ஆளைவிட்டு விதியின் மேல் திரும்பியது. அப்புறம் பத்துக்குப் பத்து கட்டம் வரைந்து வண்ணம் தீட்டச் சொன்னேன். 0.35-க்கு 35 கட்டம் நிறைந்தது. 0.8-க்கு எட்டு வரிசை, அதாவது 80 கட்டம்.

பின்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து 0.80 என்று எழுதச் சொன்னால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். விடை சரியாக வரும். ஆனால் 35, 80 என்று முழு எண்களைத்தான் அவள் இன்னும் ஒப்பிடுவாள். பழைய விதி அப்படியே உள்ளே இருக்கும். அதனால் கட்டத்தை முதலில் காட்டுகிறேன், பூஜ்யத்தைக் கடைசியில்.

எல்லாத் தவறுக்கும் இவ்வளவு நேரம் தேவையில்லை. "இன்னொரு தரம் பார்" என்றதும் தானே திருத்திக்கொண்டால் அது கவனப்பிசகு. ஒரே மாதிரி மூன்று இடத்தில் தப்பினால் உள்ளே ஒரு விதி இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து 0.3-க்கும் 0.4-க்கும் நடுவில் ஏதாவது எண் உண்டா என்று கேட்டேன். பாதி வகுப்பு இல்லை என்றது. முன் வரிசையில் ஒரு கை எழுந்தது. அதே மாணவி.

"0.35 சார்."