வடசென்னையில் சின்ன ஆபீஸ்: சதுர அடிக்கு எவ்வளவு கேட்கலாம்?

[திரையில்: தண்டையார்பேட்டை மெட்ரோ ஸ்டேஷன் வாசல், காலை நேரம். கேமரா டி.எச். ரோட்டைக் கடந்து ஒரு உள் தெருவுக்குள் போகிறது.]

வணக்கம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓட ஆரம்பிச்சது 2021 பிப்ரவரியில. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் மாடி வச்சிருக்கிற நிறைய பேர் என்கிட்ட கேட்கிறது ஒரே கேள்விதான். "மேல் மாடி சும்மா கிடக்கு. ஐ.டி. பசங்க ஆபீஸுக்குக் கேட்கிறாங்க. சதுர அடி என்ன ரேட் சொல்றது?"

இதே கேள்வியை எங்க சித்தப்பாவும் கேட்டார். ஸ்டேஷன்ல இருந்து அஞ்சு நிமிஷம் நடந்தா அவரோட கட்டிடம். கீழே ஹார்டுவேர் கடை, மேல முன்னாடி டியூஷன் சென்டர் இருந்த மாடி. அந்த ஒரு மாடியை வச்சே இன்னைக்கு முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

[திரையில்: காலி ஹால். தரையில் நீட்டிய டேப்.]

சித்தப்பா சொன்னது: "ஆயிரம் சதுர அடி, நாப்பத்தஞ்சு ரூபா ரேட், மாசம் 45,000." நான் டேப்பை எடுத்தேன். சுவரோட உள் விளிம்புல இருந்து எதிர்ச் சுவரோட உள் விளிம்பு வரைக்கும் பிடிச்சு அளந்தா 740 சதுர அடிதான் வந்துச்சு. மீதி 260 எங்க போச்சு? சுவர் கனம், மாடிப்படி, படி முடியிற இடத்துல இருக்கிற நடை. இதெல்லாம் கட்டிடத்துல இருக்கு, ஆனா அங்க மேஜை போட முடியாது.

உள்ளளவுக்குத்தான் கார்பெட் ஏரியான்னு பேரு. வாடகைக்கு வர்ற பசங்க வீடு பார்க்க வர்றவங்க மாதிரி இல்ல. கையில லேசர் மீட்டரோட வந்து, நீங்க பேசிட்டு இருக்கும்போதே அளந்து முடிச்சிடுவாங்க. 45,000-ஐ 740-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 61 ரூபா. "இவர் நாப்பத்தஞ்சுன்னு சொல்லி அறுபத்தொண்ணு கேட்கிறார்"னு ஒரு எண்ணம் வந்துட்டா, மத்த எல்லாத்தையும் சந்தேகத்தோடதான் பார்ப்பாங்க. அதனால முதல்ல இருந்தே கார்பெட் அளவைச் சொல்லி, அதுக்கு ரேட் போடுங்க.

[திரையில்: அதே 740 சதுர அடியின் வரைபடம். மேஜைகள் ஒவ்வொன்றாக வருகின்றன.]

அவங்க மனசுக்குள்ள ஓடுற கணக்கு சதுர அடியே இல்ல, சீட்டு. எத்தனை பேர் உட்காரலாம், தலைக்கு எவ்வளவு ஆகும். நாமளும் அதையே போட்டுப் பார்ப்போம். டாய்லெட்டும் டீ போடுற மேடையும் 60 சதுர அடி. ஆறு பேர் உட்கார்ந்து பேச ஒரு ரூம் 90. போன் பேச ஒரு சின்ன கண்ணாடி அறை 20. மீதி 570. நாலுக்கு ரெண்டடி மேஜை, நாற்காலி, பின்னாடி நடக்க வழி எல்லாம் சேர்த்து ஒருத்தருக்கு 40 சதுர அடின்னு வச்சா 14 சீட்டு. இந்த 14-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

அந்தப் போன் அறையை ஆடம்பரம்னு நினைக்காதீங்க. துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி சத்தம் இங்க உள் தெரு வரைக்கும் வரும். பார்க்க வந்த ஒரு பொண்ணு ஹால் நடுவுல நின்னு அவங்க பார்ட்னருக்கு வீடியோ கால் போட்டாங்க. ரெண்டு நிமிஷத்துல மூணு தடவை "என்னது? திரும்பச் சொல்லு"ன்னு கேட்டாங்க. போனை வச்சுட்டு, "அண்ணா, எங்க வேலையே கஸ்டமர் கிட்ட பேசுறதுதான்"னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க. அன்னைக்கே ஜன்னல் இடுக்கையெல்லாம் ரப்பர் வச்சு அடைச்சு, ஒரு மூலையில போன் அறை போட முடிவு பண்ணினோம். உங்க மாடியிலயும் காலை 11 மணிக்கும் சாயங்காலம் 4 மணிக்கும் உள்ள நின்னு ஒரு கால் பேசிப் பாருங்க.

[திரையில்: ஈ.பி. கார்டு, நெருக்கத்தில். பெயர் மறைக்கப்பட்டுள்ளது.]

இப்ப நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிற விஷயம். இதுக்குப் பெரிய செலவு கிடையாது, ஆனா வடசென்னையில நிறைய இடம் கைநழுவிப் போறது இதனாலதான். ஈ.பி. கார்டு யார் பேர்ல இருக்கு?

சித்தப்பா மாடியில அது எங்க தாத்தா பேர்ல இருந்துச்சு. தாத்தா இறந்து வருஷங்கள் ஆச்சு. புதுசா கம்பெனி ஆரம்பிக்கிறவங்க அந்த முகவரியைப் பதிவு அலுவலகமாக் காட்டணும்னா, ரெண்டு மாசத்துக்கு மேல பழசாகாத ஒரு கரண்ட் பில்லோ அந்த மாதிரி வேற பில்லோ வேணும், கூடவே இட உரிமையாளரோட சம்மதக் கடிதமும் வேணும். ஜி.எஸ்.டி. பதிவுக்கும் வாடகை ஒப்பந்தம், பில், வீட்டு வரி ரசீது கேட்பாங்க. பில்லுல ஒரு பேர், ஒப்பந்தத்துல வேற பேர்னா விண்ணப்பம் கேள்வியோட திரும்பி வரும். வாரிசு சான்றிதழ் வச்சு முதல்ல பேரை மாத்துங்க. அண்ணன் தம்பி பாகம் பிரிக்காத சொத்துன்னா, எல்லார் கையெழுத்தும் வாங்கின பிறகு ஆள் தேடுங்க.

அதே கார்டுல இன்னொண்ணையும் பாருங்க. இணைப்பு வீட்டுக் கட்டணத்துலயா, வணிகக் கட்டணத்துலயா? வீட்டு இணைப்புல ஆபீஸ் நடத்தினா, ஆய்வுல பிடிபட்டதும் பின்தேதியிட்டு அபராதத்தோட வசூல் பண்ணுவாங்க. அந்த பில் வாடகைக்காரர் தலையில விழுந்தா, அதோட உறவு முடிஞ்சது.

[திரையில்: மாடிப்படியின் கீழே பழைய மீட்டர் போர்டு.]

அடுத்தது லோடு. பழைய இணைப்பு சிங்கிள் பேஸ், 3 கிலோவாட். 14 பேர், 14 கம்ப்யூட்டர், மேல மொட்டை மாடி வெயில். ஒன்றரை டன் ஏ.சி. நாலு வேணும். நாலும் சேர்ந்து ஆறு, ஏழு கிலோவாட் இழுக்கும். கம்ப்யூட்டர், லைட்டு, ஃபேன் எல்லாம் சேர்த்தா பத்துக்குப் பக்கத்துல வரும். அதனால 10 கிலோவாட் த்ரீ பேஸுக்கு மாத்தி, வயரிங்கைப் புதுசா இழுத்தோம். மீட்டர் போர்டு படிக்கட்டு அடியில முழங்கால் உயரத்துல இருந்துச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் சமயத்துல இந்தத் தெருவுல தண்ணி எந்த உயரத்துக்கு நின்னுச்சுன்னு கீழ்க் கடைக்காரர் சுவர்ல கைவச்சுக் காட்டினார். போர்டை அதுக்கு மேல ஏத்திட்டோம்.

கரண்ட் போனா ஏ.சி. நின்னுடலாம், லேப்டாப்பும் வைஃபையும் நிக்கக் கூடாது. 14 லேப்டாப், ரவுட்டர், லைட்டு, ஃபேன் சேர்த்து ஒன்றரை கிலோவாட்டுக்குள்ளதான். ரெண்டு மணி நேரம் தாங்க 150 ஏ.எச். பேட்டரி நாலும் ஒரு நல்ல இன்வெர்ட்டரும் போதும். ஜெனரேட்டர் வேண்டாம்.

கடல் இங்கிருந்து கிட்டத்துல. உப்புக் காத்து ஏ.சி. வெளி யூனிட்டை அரிச்சிடும். துருத் தடுப்புப் பூச்சு இருக்கிற காப்பர் காயில் பார்த்து வாங்குங்க, கிழக்கே பார்த்து மாட்டாதீங்க.

ஃபால்ஸ் சீலிங், கிரானைட், வரவேற்பு மேஜை? சித்தப்பாவுக்கு ஆசை. நான் விடல. வந்து பார்த்தவங்கள்ல ஒருத்தர்கூட அதைக் கேட்கல. மாடிக்குள்ளயே பெண்களுக்குத் தனி டாய்லெட் இருக்கா, ராத்திரி பத்து மணிக்கு மேல கேட்டைத் திறக்க யாரையாவது எழுப்பணுமா, ரெண்டு வேற வேற கம்பெனி ஃபைபர் இழுக்க முடியுமா, இதைத்தான் கேட்டாங்க.

[திரையில்: கணக்கு, வரி வரியாக.]

இப்ப ரேட். நான் ரெண்டு பாகமாப் பிரிப்பேன். காலி இடத்துக்கு ஒண்ணு, நாம செஞ்சு கொடுத்ததுக்கு ஒண்ணு.

காலி இடத்துக்கு, அக்கம்பக்கத்துல சமீபத்துல வாடகைக்குப் போன மூணு மாடியைக் கண்டுபிடிங்க. சொன்ன ரேட்டைக் கேட்காதீங்க. மாசம் கைக்கு வர்ற வாடகையைக் கேட்டு, உள்ளளவால வகுங்க. எங்களுக்குக் கிடைச்சது: 28,000 வாங்குற 700 சதுர அடி, அதாவது 40 ரூபா. 36,000 வாங்குற 800, அதாவது 45. மெயின் ரோட்டைப் பார்த்த 600 சதுர அடி 30,000-க்கு, அது 50. நம்மது உள் தெரு, ஆனா மெட்ரோ பக்கம். 42-ன்னு வச்சோம்.

செஞ்சு கொடுத்தது: லோடும் வயரிங்கும் 1,20,000. ஏ.சி. 1,80,000. இன்வெர்ட்டர், பேட்டரி 1,10,000. டாய்லெட், டீ மேடை 70,000. போன் அறையும் ஜன்னல் அடைப்பும் 30,000. மொத்தம் 5,10,000. இதை 48 மாசத்துல, 12 சதவீத வட்டியோட எடுக்கணும்னா மாசம் சுமார் 13,400. 740-ஆல வகுத்தா 18 ரூபா.

நாப்பத்திரெண்டும் பதினெட்டும் அறுபது. மாசம் 44,400. சித்தப்பா முதல்ல சொன்ன 45,000-க்குக் கிட்டத்தட்ட அதே பணம்தான். ஆனா அப்போ வெறும் மாடிக்குக் கேட்டார். இப்ப 14 பேர் நாற்காலியும் மேஜையும் கொண்டுவந்து உட்கார்ந்து வேலையை ஆரம்பிக்கிற இடத்துக்குக் கேட்கிறார். சீட்டுக்கு 3,171 ரூபா. கரண்ட், இன்டர்நெட், மேஜை செலவையும் சேர்த்து, பல கம்பெனிக்காரங்க சீட்டு கணக்குல வாடகை கொடுத்து ஒரே ஹால்ல உட்கார்ற கோவொர்க்கிங் இடம் பக்கத்துல இருந்தா, அங்க இருக்கிற சீட்டு விலையோட ஒப்பிட்டுப் பாருங்க. அதுக்குக் கீழ வரலைன்னா ரேட் அதிகம்னு அர்த்தம்.

ஜி.எஸ்.டி. தனியா, சேர்த்தான்னு முதல் பேச்சுலயே சொல்லிடுங்க. நீங்க பதிவு பண்ணவர்னா 18 சதவீதம், அதாவது 7,992 ரூபா மேல வரும். பதிவு பண்ண கம்பெனி அதைத் தன்னோட வரியில கழிச்சுக்கும். இன்னும் பதிவு பண்ணாத பசங்களுக்கு அது கைக்காசு. நீங்க பதிவு பண்ணாதவர், அவங்க பதிவு பண்ணவங்கன்னா, 2024 அக்டோபர்ல இருந்து அந்த வரியை அவங்களே நேரா கட்டணும்.

வருஷா வருஷம் 5 சதவீதம் ஏத்துறதுன்னா, அந்த 42-க்கு மட்டும் ஏத்துங்க. ஏ.சி.யும் வயரும் வருஷம் போகப் போகப் பழசாகுது, அதுக்கு எப்படி விலை ஏறும்? அவங்க கேட்டபடி தனியா கேபின் தடுக்கணும்னா செலவு அவங்களோடது. அடுத்து வர்றவருக்கு உதவாத எதுக்கும் உங்க பணத்தைப் போடாதீங்க, ஏன்னா ஸ்டார்ட்அப் எட்டு மாசத்துல பெருசாகியும் போகலாம், மூடிட்டும் போகலாம்.

[திரையில்: மாடிப்படியில் சித்தப்பா.]

சித்தப்பா கடைசியா ஒண்ணு கேட்டார். "அறுபத்தஞ்சு சொல்லிப் பார்க்கலாமே, வந்தா வரட்டும்." கணக்கைப் பாருங்க. அஞ்சு ரூபா கூடினா மாசம் 3,700 கிடைக்கும். ஒரு மாசம் காலியாக் கிடந்தா 44,400 போகும். 44,400-ஐ 3,700-ஆல வகுத்தா 12. அறுபத்தஞ்சுக்காக ஒரே ஒரு மாசம் காத்திருந்தா, ஒரு வருஷம் முழுக்கக் கிடைச்ச கூடுதல் பணம் அதுலயே தீர்ந்துடும். ரெண்டு மாசம் காத்திருந்தா ரெண்டு வருஷம்.

அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் கேட்ல மாட்டுறதுக்கு அவரே எழுதினார்:

[திரையில்: கையால் எழுதிய அட்டை.]

"ஆபீஸுக்கு வாடகைக்கு. முதல் மாடி, உள்ளளவு 740 சதுர அடி, 14 பேர். சதுர அடி 60 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. வணிக மீட்டர், த்ரீ பேஸ் 10 கிலோவாட், நான்கு ஏ.சி., இரண்டு மணி நேர பேக்கப். கம்பெனி பதிவுக்குக் கடிதம் தரப்படும். அட்வான்ஸ் மூன்று மாதம். கேட் சாவி உங்களிடமே."