ஏறிப்போன எண்பது வினாடிகள்: இருக்கையிலிருந்து அடுத்த பொறுப்புக்கு

அவையோருக்கு வணக்கம்.

கால் சென்டரிலோ பேக் ஆபீஸிலோ சில காலம் பணியாற்றியவர்கள் பகுப்பாய்வாளர், பயிற்சியாளர், டீம் லீடர் ஆகிய பொறுப்புகளுக்கான உள் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்கும்போது, தரமதிப்பெண்ணையும் வருகைப் பதிவையும் இலக்கை எட்டிய மாதங்களையும்தான் பெரும்பாலும் முன்வைக்கிறார்கள். அவை இல்லாமல் நேர்காணல் அறைக்குள் நுழைய முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த அறையில் அமர்ந்திருக்கும் மற்ற விண்ணப்பதாரர்களிடமும் அதே மதிப்பெண்கள் இருக்கும். தம் அழைப்பைத் தாம் நன்றாக முடிக்கத் தெரிந்தவர், பிறருடைய அழைப்புகள் ஏன் நன்றாக முடியவில்லை என்று சொல்லக்கூடியவரா என்பதையே தேர்வாளர் அறிய விரும்புகிறார். இந்த வேறுபாட்டை விளக்க இன்று ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன்.

ஓர் அழைப்பைக் கையாள ஆகும் சராசரி நேரத்தை ஏ.எச்.டி. என்கிறோம். பேசிய நேரம், வாடிக்கையாளரை ஹோல்டில் வைத்த நேரம், அழைப்பு முடிந்தபின் குறிப்பு எழுதும் நேரம் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையை அழைப்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது அது. ஒரு குழுவின் சராசரி 360 வினாடியிலிருந்து 440 வினாடிக்கு ஏறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மேலிருந்து மின்னஞ்சல் வருகிறது; டீம் லீடர் குழுவைக் கூட்டி, "வேகமாக முடியுங்கள்" என்கிறார். அடுத்த வாரம் எண் கொஞ்சம் இறங்கும். ஆனால் பாதியில் அழைப்பு முடிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் மறுபடி அழைப்பதால் அழைப்புகளின் எண்ணிக்கை ஏறும். தளத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் பார்த்துச் சலித்த காட்சி இது.

பகுப்பாய்வாளர் முதலில் கேட்பது, எந்த வகை அழைப்புகள் என்ற கேள்வியை. முன்பு 100 அழைப்புகளில் 80 கட்டண விசாரணைகள், 20 தொழில்நுட்பச் சிக்கல்கள். முதல் வகைக்கு 300 வினாடியும் இரண்டாம் வகைக்கு 600 வினாடியும் ஆயின. மொத்தம் 36,000 வினாடி, சராசரி 360. இப்போது 60 கட்டண விசாரணைகளும் 40 தொழில்நுட்பச் சிக்கல்களும் வருகின்றன. கட்டண அழைப்புக்கு அதே 300 வினாடிதான் ஆகிறது. தொழில்நுட்ப அழைப்புக்கு மட்டும் 650. மொத்தம் 44,000 வினாடி, சராசரி 440. தொழில்நுட்ப அழைப்பு பழையபடி 600 வினாடியிலேயே நின்றிருந்தாலும், கலவை மாறியதால் மட்டுமே சராசரி 420 ஆகியிருக்கும். அதாவது, ஏறிய 80 வினாடிகளில் 60 வினாடிகளுக்கு எந்த ஊழியரும் பொறுப்பல்ல. எஞ்சிய 20 வினாடிகளைப் பற்றி மட்டுமே குழுவிடம் பேச இடமிருக்கிறது.

கலவை ஏன் மாறியது? எளிய கேள்விகளுக்குச் செயலியிலேயே விடை கிடைக்கத் தொடங்கினால், தொலைபேசிக்கு வருபவை கடினமானவையாகவே இருக்கும். அப்படியானால் சராசரி ஏறியது நிறுவனத்தின் வேறொரு முயற்சி பலித்ததன் விளைவு; அதற்காகத் திட்டு வாங்குவது விசித்திரம்தான்.

இந்தக் கணக்குக்கு உயர்ந்த மென்பொருள் தேவையில்லை. எக்செலில் பிவட் டேபிள் போடத் தெரிந்தால் போதும். ஒரு பிழையை மட்டும் தவிர்க்க வேண்டும்: ஒவ்வொரு வகைக்கும் உரிய சராசரிகளை நேராகக் கூட்டி வகுப்பது. 300ஐயும் 650ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 475 வரும். அது இந்தக் குழுவின் சராசரி அல்ல. அழைப்பு எண்ணிக்கை B நிரலிலும் வினாடிகள் C நிரலிலும் இருந்தால், எழுத வேண்டியது இதுதான்:

```
=SUMPRODUCT(B2:B3,C2:C3)/SUM(B2:B3)
```

தேர்வில் ஒரு தாளைக் கொடுத்துக் குழுவின் சராசரியைக் கேட்கும்போது பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இனி, தொழில்நுட்ப அழைப்பில் கூடிய 50 வினாடிகள் பயிற்சியாளரின் மேசைக்கு வருகின்றன. "புத்தாக்கப் பயிற்சி ஒன்று நடத்திவிடுங்கள்" என்ற கோரிக்கையோடுதான் வரும். நல்ல பயிற்சியாளர் உடனே ஒப்புக்கொள்வதில்லை. பேச்சு, ஹோல்டு, பின்குறிப்பு என நேரத்தைப் பிரித்துப் பார்க்கிறார்; கூடியது ஹோல்டில் என்று தெரிகிறது. பிறகு புதியவர்களையும் ஓராண்டுக்கு மேல் பணியாற்றியவர்களையும் தனித்தனியே வைத்துப் பார்க்கிறார். புதியவர்களிடம் மட்டும் கூடியிருந்தால் அது அறிவுக் குறை; அதற்கு வகுப்பு உதவும். இருசாராரிடமும் ஒரே அளவு கூடியிருந்தால், சில ஒலிப்பதிவுகளைக் கேட்டு, அந்த ஹோல்டின்போது ஊழியர் திரையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கவனிக்க வேண்டும். முன்பு ஒரே திரையில் இருந்த சரிபார்ப்பு இப்போது இன்னொரு திரைக்கு மாற்றப்பட்டிருக்கலாம். அப்படிப்பட்ட தாமதத்தை எந்த வகுப்பும் குறைக்காது. தேவையில்லாத பயிற்சியை மறுக்கத் தெரிந்தவரை நான் பயிற்சியாளராகத் தேர்ந்தெடுப்பேன். மேடைக் கூச்சமின்றிப் பேசுவது அதற்கு அடுத்த தகுதிதான்.

டீம் லீடரின் நிலை மூவரில் கடினமானது. காரணம் தெரிந்தபிறகும், அழைப்புகள் அன்றைக்கும் வந்துகொண்டுதான் இருக்கும். 36,000 வினாடி என்பது 10 மணி நேர வேலை; 44,000 வினாடி என்பது 12 மணி நேரத்துக்கும் மேல். ஒவ்வொரு 100 அழைப்புக்கும் இந்தக் கூடுதல் உழைப்பை யார் தருவது? மேலாளரிடம் சென்று, அழைப்பு வகைக்கேற்பத் தனித்தனி இலக்கு வேண்டும், ஆள் திட்டமிடுவோர் புதிய கலவையைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று எண்களோடு பேச வேண்டியவர் அவர். திரும்பி வந்து, நேற்றுவரை பக்கத்து இருக்கையில் இருந்த நண்பரிடம், "உங்கள் கட்டண அழைப்புகளும் 380 வினாடி ஆகின்றன, அதற்குக் கலவை காரணமல்ல, சேர்ந்து கேட்டுப் பார்ப்போம்" என்று சொல்ல வேண்டியவரும் அவரே. குழுவைக் காப்பதற்குப் பயன்பட்ட அதே கணக்கு, ஒருவரைத் திருத்தவும் பயன்பட வேண்டும். இதில் ஒன்றை மட்டும் செய்பவரைக் குழுவோ மேலாளரோ விரைவில் நம்பாமல் போவார்கள்.

பேக் ஆபீஸில் இருப்பவர்களுக்கும் இக்கணக்கு பொருந்தும். அங்கே அழைப்புக்குப் பதில் ஆவணம். எல்லாப் புலங்களும் நிரம்பிய விலைப்பட்டியலையும், எண் பொருந்தாமல் திருப்பி அனுப்ப வேண்டியதையும் ஒரே குவியலில் எண்ணினால், கடினமானவற்றை ஏற்றுக்கொள்ளும் ஊழியரே மெதுவானவராகத் தோன்றுவார். எளியவற்றைப் பொறுக்கி எடுப்பவர் பட்டியலின் உச்சியில் இருப்பார்.

குழுவின் தரவைப் பார்க்க அனுமதி இல்லாதவர்கள் எப்படித் தொடங்குவது என்று கேட்கலாம். உங்கள் அழைப்புகளைப் பற்றிய அன்றாட அறிக்கை உங்களுக்கு வரும். இரண்டு வாரங்களுக்கு ஒவ்வோர் அழைப்பின் வகையையும் நேரத்தையும், ஹோல்டு வைத்திருந்தால் அதன் காரணத்தையும், பணியிடத்திலேயே நிறுவனம் அனுமதிக்கும் கோப்பில் குறித்துவாருங்கள். வாடிக்கையாளரின் பெயர், எண், கணக்கு விவரம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. திரையைப் படம் எடுக்கவோ கோப்பை வீட்டுக்கு அனுப்பவோ கூடாது. தகவல் பாதுகாப்பு விதியை மீறிக் கிடைத்த சிறந்த பகுப்பாய்வு, பதவி உயர்வுக்கு மாறாக ஒழுங்கு நடவடிக்கையில் முடியும். இரண்டு வாரக் குறிப்பு ஒருவருடைய அழைப்புகளை மட்டுமே காட்டும் என்பதால், குழு முழுவதற்கும் அதை வைத்து முடிவு சொல்லாதீர்கள். ஹோல்டுக்கு ஒரே காரணம் மறுபடி மறுபடி வந்தால், அந்தப் பக்கத்தை உங்கள் டீம் லீடரிடம் காட்டி, மற்றவர்களிடமும் இப்படித்தானா என்று பார்க்க அனுமதி கேளுங்கள். நேர்காணலில் அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசும்போது, எதுவரை உறுதியாகத் தெரிந்தது, எங்கே தரவு போதவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.