பாட்டு முடிந்தபோது பட்டியலில் ஒருவரும் இல்லை

நடுவர் வைத்த கேள்வி: "தேவலோகத்திலும் மாய உலகங்களிலும் காலம் வேறாக ஓடுகிறது என்று கதைகள் சொல்கின்றன. இந்தக் கதைகளில் ஓங்கி நிற்பது தேவர்களின் பெருமையா, மனிதர்களின் இழப்பா?"

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியோர்களே, கோயில் திருவிழாவுக்கு வந்த இடத்தில் பனி இறங்கும் நேரத்திலும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் தருமபுரி மக்களே, வணக்கம். நான் இழப்பு என்ற அணியில் நிற்கிறேன். உலகத்துக் கதைகளையெல்லாம் இங்கே கொட்டப் போவதில்லை. ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அதன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

குசஸ்தலி என்ற ஊரை ஆண்டவர் ககுத்மி. ரைவதர் என்றும் சொல்வார்கள். அவருடைய மகள் ரேவதி. மகளுக்கு ஏற்ற மாப்பிள்ளை யார் என்று அரசருக்கு முடிவெடுக்க முடியவில்லை. சில பெயர்களை மனத்தில் குறித்துக்கொண்டு, மகளையும் கூட அழைத்துக்கொண்டு, பிரம்மாவிடமே கேட்கப் போனார். அங்கே கந்தர்வர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு நடக்கும்போது குறுக்கே பேசக்கூடாது என்று ஓரமாக நின்றார். பாகவதம் அதை ஒரு கணம் என்கிறது. விஷ்ணு புராணம், அவருக்கு ஒரு முகூர்த்தம்போலத் தோன்றியது என்கிறது. பாட்டு முடிந்ததும் வணங்கித் தன் எண்ணத்தைச் சொன்னார். பிரம்மா சிரித்தார். "நீ மனத்தில் வைத்திருந்தவர்களைக் காலம் கொண்டுபோய்விட்டது. அவர்களுடைய பிள்ளைகள், பேரர்கள், கொள்ளுப்பேரர்கள் யாரைப் பற்றியும் செய்தி இல்லை. அவர்கள் கோத்திரத்தின் பெயர்கூடக் காதில் விழுவதில்லை" என்றார். பூமியில் 27 சதுர்யுகங்கள் கழிந்திருந்தன.

எதிரணித் தலைவர் ஐயா இதே கதையைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, "பாருங்கள், நமக்கு யுகம், அவர்களுக்குக் கணம்! இதைவிட தேவர்களின் பெருமைக்கு என்ன சான்று வேண்டும்?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா படித்தவர், எண்களைத் தவறில்லாமல் சொன்னார். அந்த எண்களையே நான் கொஞ்சம் போட்டுப் பார்க்கிறேன்.

ஒரு சதுர்யுகம் 43,20,000 ஆண்டுகள். 27 சதுர்யுகம் என்றால் 11 கோடியே 66 லட்சத்து 40 ஆயிரம் ஆண்டுகள். ஆயிரம் சதுர்யுகம் சேர்ந்தால் பிரம்மாவுக்கு ஒரு பகல். அந்தப் பகலை நம்மைப்போல் 12 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 27 சதுர்யுகம் அவருக்கு எவ்வளவு நேரம்? ஏறக்குறைய 20 நிமிடம். ஒரு ராகத்தை விரிவாகப் பாடி முடிக்கும் நேரம். கதை சொன்னவர் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் பாட்டை வைத்தாரா, தானாக அமைந்ததா என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் கணக்கு பொருந்துகிறது.

எங்கள் அணியில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா, மேடைக்கு வருமுன் இன்னொன்றைக் காட்டினார். எனக்கு அதுவரை தோன்றாத விஷயம். ககுத்மியின் வம்சத்தைப் பாருங்கள்: வைவஸ்வத மனு, அவர் மகன் சர்யாதி, அவர் மகன் ஆனர்த்தன், அவர் மகன் ரேவதன், அவர் மகன் ககுத்மி. மனுவுக்கு ஐந்தாம் தலைமுறைக்குள் வந்துவிடுகிறார். அதாவது இந்த மனுவின் ஆட்சிக்காலமான மன்வந்தரத்தின் தொடக்கத்து மனிதர். ரேவதியை மணந்த பலராமரோ 28ஆவது சதுர்யுகத்தின் துவாபர முடிவில் வாழ்ந்தவர். ஆதிகாலத்துப் பெண்ணுக்கும் பிற்காலத்து மாப்பிள்ளைக்கும் எப்படித் திருமணம் நடந்தது? நடுவில் 27 சதுர்யுகம் கிடக்கிறதே! அந்தப் பள்ளத்தைக் கடக்கக் கதைக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அதுதான் அந்தப் பாட்டு.

"அப்படியானால் இது வம்சாவளிக் கணக்கைச் சரிக்கட்டிய கதைதானே, இழப்பு எங்கே வந்தது?" என்று எதிரணி கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான். கணக்கை மட்டும் சரிசெய்ய வேண்டுமென்றால் வழிகள் எத்தனையோ இருந்தன. ரேவதிக்கு நீண்ட ஆயுள் வரம் கொடுத்திருக்கலாம், அல்லது மறுபிறவி என்று சொல்லி முடித்திருக்கலாம். கதை சொன்னவர் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, மனத்தில் சில பெயர்களோடு நிற்கும் ஒரு தகப்பனைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பெயர்களைச் சொல்லும் நேரத்தில், அவை யாருடைய பெயர்களும் இல்லாமல் போயிருந்தன. தேவர்களின் உயர்வைக் காட்டுவது மட்டும் நோக்கமாக இருந்தால், பிள்ளை பேரன் கொள்ளுப்பேரன் என்று இத்தனை பேரை ஒவ்வொருவராகச் சொல்லி இல்லையென்று ஆக்குவானேன்?

இங்கே இயற்பியல் ஆசிரியர் ஐயா வந்து, "ஐன்ஸ்டீன் 1915இல் சொன்னதைத்தான் நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்" என்றார். காலம் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பது வரைக்கும் ஐயா சொன்னது சரி. ஆனால் ஐயா, திசை மாறிப் போகிறதே! பூமியின் ஈர்ப்பு உயரே போகப் போகக் குறையும். அதனால் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரம், அதன் வேகத்தையும் கணக்கில் சேர்த்த பிறகும், தரையில் உள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோநொடி முந்தி ஓடுகிறது. அந்தக் கணக்குப்படி மேலே போன ககுத்மிக்குத்தான் வயது ஒரு துளி கூடியிருக்க வேண்டும். ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறந்திருந்தால் அவர் இளமையாகத் திரும்பலாம், உண்மைதான். ஆனால் வேகத்தைப் பற்றிக் கதையில் ஒரு சொல்லும் இல்லை. தேவர்களின் காலம் வேறு என்ற எண்ணத்துக்குப் பழைய வானியல் நூல்களில் வேர் இருக்கிறது. மேரு உச்சியில், அதாவது வடமுனையில், சூரியன் ஆறு மாதம் தெரியும், ஆறு மாதம் தெரியாது. அங்கே இருப்பவர்களுக்கு நம் ஓராண்டு ஒரு நாள். உத்தராயணம் பகல், தட்சிணாயனம் இரவு, மார்கழி விடியற்காலை என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அதுவே அந்தக் கணக்கு. வானத்தைப் பார்த்து எழுந்த அளவு அது. அந்த அளவை எடுத்து ஒரு மனிதனின் நெஞ்சில் கதை எப்படி இறக்குகிறது என்பதே நம் வழக்கு.

எதிரணியில் பேசிய தங்கை, தன் கணவர் ஓசூரில் இரவுப்பணிக்குப் போவதையும், அவர் வரும்வரை கடிகாரம் நகராததையும், விடுமுறை நாள் மட்டும் பறந்துவிடுவதையும் சொன்னார். "இன்பம் இருக்கும் இடத்தில் காலம் தெரியாது, அதனால் தேவலோகம் இன்பமயம்" என்று முடித்தார். அம்மா, உங்கள் வீட்டில் நடப்பதைத்தான் சொன்னீர்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கணவர் விடிந்ததும் திரும்பி வந்துவிடுகிறார். நேரம் நீண்டதாகத் தோன்றுகிறதே தவிர, ஊர்க் கடிகாரம் மாறுவதில்லை. இந்தக் கதைகளில் தோற்றம் நிஜமாகிவிடுகிறது. உள்ளே இருந்தவனுக்குப் பறந்துபோன நேரம், வெளியே இருந்தவர்களின் ஆயுளைத் தின்றுவிட்டிருக்கிறது. கதையின் சூழ்ச்சியே அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சூழ்ச்சி எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். கதை, போனவனுடன் மட்டும் நடக்கிறது. வீட்டில் இருப்பவர்களைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அதனால் கேட்பவருக்கும் கடிகாரம் மறைந்துவிடுகிறது. திரும்பி வந்ததும் காலம் போனதை யாரும் விளக்க மாட்டார்கள், ஒரு பொருள் காட்டிக்கொடுக்கும். சீனத்துக் கதையில் விறகு வெட்டப் போன வாங் ஜி, மலையில் சிலர் பலகையாட்டம் ஆடுவதைப் பார்த்து நிற்கிறான். போகலாம் என்று குனிந்தால் கோடரிக் காம்பு உளுத்துக் கிடக்கிறது. ஊரில் அவனை அறிந்தவர் யாருமில்லை. ஜப்பானில் உராஷிமா தாரோ கடலடி மாளிகையில் மூன்று ஆண்டு இருந்து வந்தால் கரையில் 300 ஆண்டு போயிருக்கிறது. திறக்காதே என்று கொடுத்த பெட்டியைத் திறந்ததும் அத்தனை முதுமையும் அவன் மேல் ஏறுகிறது. அயர்லாந்தின் ஓஷீனுக்கும் அதே மூன்று, அதே முந்நூறு. குதிரையிலிருந்து கால் மண்ணில் பட்டதும் கிழவனாகிவிடுகிறான். உராஷிமா ஏன் திரும்பினான்? தாய் தந்தையைப் பார்க்க ஆசைப்பட்டான். தேவலோகம் அத்தனை உயர்ந்தது என்றால் இவர்கள் எதற்கு வீட்டை நினைத்து ஏங்குகிறார்கள், எதிரணியினரே?

ககுத்மியின் கதையில் காட்டிக்கொடுத்த பொருள் எது தெரியுமா? ரேவதியின் உடம்பு. இங்கேதான் நான் நின்று பேச விரும்புகிறேன். அவர்கள் பூமிக்கு வந்தபோது மனிதர்கள் உருவத்தில் சிறுத்து, வலிமையில் குறைந்து போயிருந்தார்கள். குசஸ்தலி இருந்த இடத்தில் துவாரகை இருந்தது. ரேவதி மட்டும் தன் காலத்து உயரத்தோடு நின்றாள். பலராமர் தன் கலப்பையின் நுனியால் அவளைத் தாழ்த்தி, அந்தக் காலத்துப் பெண்களின் அளவுக்குக் கொண்டுவந்தார் என்கிறது விஷ்ணு புராணம். மகளைக் கொடுத்துவிட்டு ககுத்மி தவத்துக்குப் போய்விட்டார்.

எதிரணித் தலைவர், "நல்ல மாப்பிள்ளை கிடைத்தாரே, இதில் என்ன இழப்பு?" என்றார். பலராமரைவிட நல்ல மாப்பிள்ளை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் திருமணத்துக்கு ரேவதியின் தோழி ஒருத்தி வந்திருக்க முடியுமா? தாய்வீடு என்று போய் நிற்க அவளுக்கு ஒரு வாசல் உண்டா? தகப்பனும் வடக்கே போன பிறகு, அவள் பிறந்த காலத்தை அறிந்தவர் அந்த ஊரில் வேறு யார்? புதுக் காலத்தில் வாழ அவள் தன் உயரத்தையே கொடுக்க வேண்டியிருந்தது.

தலைகீழாக ஓடும் கதையையும் எதிரணி எடுத்தது. நாரதர் தண்ணீர் கொண்டுவரப் போய், வழியில் ஒரு பெண்ணை மணந்து, பிள்ளைகளைப் பெற்று, ஓர் ஆயுளே வாழ்ந்துவிடுகிறார். திரும்பிப் பார்த்தால் விஷ்ணுவுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "இங்கே யாரும் எதையும் இழக்கவில்லையே" என்றார்கள். அந்த ஆயுள் எப்படி முடிகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். வெள்ளம் வருகிறது. மனைவியும் பிள்ளைகளும் அவர் கையை விட்டு அடித்துப் போகப்படுகிறார்கள். கரையில் விழுந்து அழும்போதுதான் "தண்ணீர் எங்கே?" என்ற குரல் கேட்கிறது. கடிகாரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் கதை வந்து சேரும் இடம் ஒன்றாகவே இருக்கிறது.

இது தகடூர் மண். அதியமான் நெடுமான் அஞ்சி, நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த கதையை இங்கே பிறந்த எந்தக் குழந்தையும் சொல்லும். கொடுத்தவன் பெருமையைப் பாடும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். அந்த ஔவையே பின்னர் அதியமான் மறைந்ததற்குக் கையறுநிலை பாடினார். புறநானூற்றில் 235ஆம் பாட்டு. அங்கே மாய உலகம் எதுவும் இல்லை, காலமும் எல்லாருக்கும் ஒன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் ஆயுள் கூடியவர், கொடுத்தவன் இல்லாத ஊரில் நின்று பாட வேண்டியிருந்தது. ரேவதி துவாரகையில் நின்ற நிலையை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் இதைவிட விளக்க வேண்டியதில்லை.

நடுவர் அவர்களே, யுகக் கணக்கு சொல்லும் இடங்களில் தேவர்களின் உயர்வு தெரிகிறது என்பதை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். அந்தக் கணக்குக்குள் ஒரு மனிதன் நுழைந்து திரும்பும் கதைகளுக்கு மட்டும் தீர்ப்பு கேட்கிறேன். பிரம்மாவின் சபையில் அந்தப் பாட்டு எப்படி இருந்தது, எந்த ராகம், யாரைப் பற்றியது என்று பாகவதமும் சொல்லவில்லை, விஷ்ணு புராணமும் விரிக்கவில்லை. திரும்பி வந்தவர்கள் எதைக் காணவில்லை என்பதை இரண்டும் சொல்கின்றன. வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.