கண் சொருகும்போதே கிடத்துங்கள்

"கைக்குழந்தையை நன்றாகத் தூங்க வைத்துவிட்டுக் கிடத்துவதா, கண் சொருகும்போதே கிடத்தித் தானே தூங்கப் பழக்குவதா?" இதுதான் நடுவர் தந்த தலைப்பு.

நடுவர் அவர்களே, "பச்சைப் பிள்ளையைத் தனியறையில் போட்டு அழவிடுவதா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார் எதிரணித் தங்கை. அழவிடச் சொன்னது யாரம்மா? பக்கத்திலேயே இருங்கள் என்கிறோம்.

குழந்தையின் தூக்கம் ஏறக்குறைய மணிக்கொரு முறை மேலே வந்து போகும். தோளில் தூங்கிய பிள்ளை அப்போது தொட்டிலில் கண் விழித்தால் தோளைத் தேடும். வீட்டில் படுத்த நீங்கள் கோயம்பேடு பேருந்து நிலையத்தில் விழித்தால் சும்மா இருப்பீர்களா? "வயிறு நிறைந்தால் விடிய விடியத் தூங்கும்" என்றார் எதிரணித் தம்பி. பாதி சரி. பசியில் எழும் பிள்ளைக்குப் பால்தான் வேண்டும். பால் குடித்த முக்கால் மணி நேரத்தில் எழுவது பெரும்பாலும் பசியாக இருக்காது.

என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். பால் குடித்தபடியே தூங்கிவிடுவாள். முதலில் பாலை இருபது நிமிடம் முன்னால் தள்ளினோம். அப்புறம் துணி மாற்றி, விளக்கைக் குறைத்து, மடியில் ஒரு தாலாட்டு. மூடிய விரல்கள் விரியும், பார்வை ஓரிடத்தில் நிற்கும், இமை மெதுவாக இறங்கி ஏறும். அதுதான் நேரம். இமை ஏறாமல் நின்றுவிட்டால் தாமதம், தூங்கிவிட்டாள். முதலில் இடுப்பு, பிறகு தலை என்று மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சில் கையை வைத்திருந்தேன். தட்டையான மெத்தை, தலையணை கிடையாது.

முதல் நாள் சிணுங்கினாள், விட்டேன். வீறிட்டாள், தூக்கினேன். மறுபடி கிடத்தினேன், மறுபடி தூக்கினேன். மூன்றாவது தடவை அவளாகவே விரலைத் தேடிப் பிடித்து வாயில் வைத்துத் தூங்கினாள். ஐந்தாம் நாள் தடுப்பூசிக் காய்ச்சல், அன்று தோள்தான். இரண்டாவது வாரம் ஒரு நாள் நள்ளிரவில் புரளும் சத்தம் கேட்டது. எழுந்து உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது.

எதிரணியில் பேசிய ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா, "இரண்டு மாதத்துக் குழந்தையிடம் இது பலிக்காது" என்றார். மறுக்கமாட்டேன். இரவு பகல் தெரியாத வயது அது. மூன்று நான்கு மாதம் போகட்டும். அதன் பிறகும் சில பிள்ளைகள் ஒத்துக்கொள்ளாது. ஏன் என்று எனக்கும் விளங்கவில்லை. தொடங்குபவர்கள் இரவின் முதல் தூக்கத்தில் தொடங்குங்கள், அசதி அப்போதுதான் நம் பக்கம் இருக்கும்.

பகல் தூக்கமா? அது இன்றும் என் மாமியார் கை ஆட்டலில்தான், நடுவர் அவர்களே. அந்த மதிப்பெண்ணை எதிரணிக்கே போட்டுக்கொள்ளுங்கள்.