அப்பாவிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி

வணக்கம். பின்னால் ஃபேன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். சவுண்ட் எடிட்டர் வீட்டு லட்சணம் இதுதான்.

அப்பாவுக்கு நான் கணக்காளர் ஆக வேண்டும், எனக்கோ சவுண்ட் எடிட்டிங்தான். முதல் தடவை இதைப் பேசியபோது பன்னிரண்டு ஸ்லைடு தயாரித்து, லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தேன். எனக்கு இதில் எவ்வளவு ஆர்வம் என்பதுதான் பன்னிரண்டிலும். நாலாவது ஸ்லைடிலேயே எழுந்து போய்விட்டார். அதுவும் மாமா உட்கார்ந்திருக்கும்போது! சொந்தக்காரர் முன்னால் கேட்டால், மனசு இளகினாலும் அப்பாவால் இறங்கி வர முடியாது. அது என் தப்பு.

இரண்டு மாதம் கழித்து, அவர் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தபோது நானும் ஒரு துணி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "அப்பா, நான் இதுக்குப் போனா உங்களுக்கு எதுதான் பயம்?" கொஞ்ச நேரம் சக்கரத்தையே துடைத்தார். அப்புறம், "ஒரு மாசம் உடம்பு முடியாம படுத்தா உனக்கு யார் சம்பளம் தருவா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. ஆர்வத்தைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவர் இளவயதில் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவர், அந்தப் பயம்தான் பேசியது. அங்கேயே வாதாடாமல், "விசாரிச்சுட்டு வரேன்பா" என்று மட்டும் சொன்னேன்.

இந்தத் தொழிலில் இருக்கும் மூன்று பேரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். தனியாக வேலை எடுத்துச் செய்பவர் படுத்தால் வருமானம் நின்றுவிடும், அப்பா சொன்னது சரிதான் என்றார்கள். மூன்று மாதச் செலவுக்குப் பணம் சேர்த்த பிறகு தனியாகப் போ, அதுவரை ஒரு ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு இரு என்றார்கள்.

அதை வைத்து அப்பாவும் நானும் ஒரு தாளில் எழுதினோம். படிப்பை முடிப்பேன். முடித்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் எனக்கு. அதற்குள் என் செலவில் பாதி என் சம்பாத்தியத்தில் நடக்க வேண்டும், ஒரு வாடிக்கையாளராவது இரண்டாம் தடவை வேலை கொடுக்க வேண்டும். பாராட்டு நண்பர்களிடமிருந்தும் வரும், ஆனால் மறுபடி காசு கொடுப்பவர் வேலை பிடித்துத்தான் கொடுப்பார். நடக்கவில்லை என்றால் கணக்கு வேலைக்கு விண்ணப்பிப்பேன். தேதியும் போட்டோம். 'கொஞ்ச நாள் பார்க்கலாம்' என்று விட்டிருந்தால் தினமும் அதே சண்டைதான்.

இது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. உங்கள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்றால் முதலில் வேலை, மாலையில்தான் இது. மிரட்டலும் அடியும் இருக்கும் வீட்டில் தாள் செல்லாது. நம்பகமான பெரியவர் ஒருவரை முதலில் பிடியுங்கள்.

இப்போது எட்டாவது மாதம். செலவில் பாதி இன்னும் எட்டவில்லை. அப்பா ஆர்வத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. நேற்று வாசலிலேயே நிறுத்தி, எனக்கு ஒரு தடவை வேலை கொடுத்தவரைப் பற்றி, "அந்தப் பையன் மறுபடி வந்தானா?" என்றார்.